சட்டம் வந்த மாதத்தில் கோடு உடைகிறது: தன்னொட்டுறவுக்கு எந்த முறை?

மாதவாரியாக எண்கள் கையில் இருக்கின்றன. நடுவில் ஒரு நாள் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது: ஒரு சட்டம், ஒரு தடுப்பூசித் திட்டம் அல்லது ஒரு விலையேற்றம். அதற்கு முன்னும் பின்னும் தனித்தனிக் கோடு வரைந்து வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். குறுக்கீட்டுக் காலத்தொடர்ப் பகுப்பாய்வு என்பது இதுதான். இதுவரை வந்துவிடுகிறவர்கள் அடுத்த கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். அடுத்தடுத்த மாதங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதை, அதாவது தன்னொட்டுறவை, எப்படிக் கையாள்வது? சாதாரண மீச்சிறு வர்க்க முறையே போதுமா? நியூவி–வெஸ்ட் திருத்தம் வேண்டுமா? ஜிஎல்எஸ் என்ற பொதுமைப்படுத்திய மீச்சிறு வர்க்க முறையா, அரிமா என்ற காலத்தொடர் மாதிரியா?

யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு தரவை வைத்தே இதைப் பேசலாம். ஆர் மென்பொருளைத் திறந்தால் `Seatbelts` என்ற பெயரில் அது கூடவே வருகிறது. பிரிட்டனில் 1969 ஜனவரி முதல் 1984 டிசம்பர் வரை மாதந்தோறும் இறந்த அல்லது கடுமையாகக் காயமடைந்த கார் ஓட்டுநர்களின் எண்ணிக்கை, மொத்தம் 192 மாதங்கள். முன் இருக்கையில் பெல்ட் கட்டாயம் என்ற சட்டம் 1983 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே முன்பகுதி 169 மாதங்கள், பின்பகுதி 23 மாதங்கள். பெல்ட் அணிபவர்கள் சுமார் 40 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் ஏறினார்கள். குறுக்கீடு இவ்வளவு பளிச்சென்று அமைவது அரிது.

## முதலில் அளவுகோல்கள்

முறைகளை ஒப்பிடுமுன் நான்கு கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நமக்கு வேண்டியது எந்த எண்? உடனடியாக விழுந்த அளவா (மட்ட மாற்றம்), அதன் பிறகு கோடு போகும் திசையா (சாய்வு மாற்றம்), அல்லது ஓராண்டு கழித்து நின்ற மொத்த விளைவா? இரண்டாவது, குறுக்கீட்டுக்குப் பின் எத்தனை புள்ளிகள் உள்ளன? மொத்தம் 192 என்று மகிழ்வதில் பயனில்லை. பின்பகுதிச் சாய்வைச் சுமப்பவை அந்த 23 மட்டுமே. மூன்றாவது, கோடு விளக்காமல் விட்ட எச்சங்களின் நினைவு எப்படிப்பட்டது? சென்ற மாதத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறதா, சென்ற ஆண்டின் இதே மாதத்தையுமா? நான்காவது, முடிவைப் படிப்பவர் அதைச் சரிபார்க்க முடியுமா? சுகாதாரத் துறை அதிகாரியின் மேசைக்குப் போகும் அறிக்கை என்றால் நான்காவதும் ஓர் அளவுகோல்தான்.

## எல்லா முறைக்கும் பொதுவான அடித்தளம்

நான்கு முறைகளும் ஒரே சமன்பாட்டின் மீதுதான் நிற்கின்றன:

```
log(Y) = b0 + b1*t + b2*law + b3*after + மாதங்கள் + பிழை
```

`t` என்பது 1 முதல் 192 வரை ஓடும் மாத எண். `law` என்பது 1983 பிப்ரவரி முதல் 1, அதற்கு முன் 0. `after` என்பது பிப்ரவரியில் 0, மார்ச்சில் 1, ஏப்ரலில் 2 என்று வளர்வது. இப்படி வைத்தால் `b2` பிப்ரவரியில் நிகழ்ந்த மட்ட மாற்றம்; `b3` மாதத்துக்கு மாதம் சேரும் சாய்வு மாற்றம். மடக்கையில் இருப்பதால் `b2` -0.25 என்று வந்தால் அதற்குச் சுமார் 22 சதவீத வீழ்ச்சி என்று பொருள்.

`after` என்பதற்குப் பதிலாக `t*law` என்று எழுதும் தவறு மிகப் பரவலானது. நானும் ஒருமுறை செய்து அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். அப்போது `b2` என்பது 1983 பிப்ரவரியின் வித்தியாசமாக இருக்காது. இரு கோடுகளையும் பின்னோக்கி நீட்டி, `t` பூஜ்யமாகும் 1968 டிசம்பரில் அளந்த வித்தியாசமாகிவிடும். மடக்கை இல்லாமல் பார்த்தால் விபரீதம் எளிதில் புரியும். பிப்ரவரியில் 388 பேர் குறைந்தார்கள், சாய்வு மாதத்துக்கு 8 கூடியது என்று வைத்துக்கொள்வோம். 170 மாதம் பின்னால் போனால் கணினி தரும் மட்ட மாற்றம் -388 - 1360, அதாவது -1748. ஆனால் 1982 பிப்ரவரியில் அடிபட்டவர்களே 1445 பேர்தான். முன்னறிவிப்பு எதுவும் தவறாது. கெழுவின் பொருள் மட்டும் தவறிவிடும். அதனால்தான் இது கண்ணில் படுவதில்லை.

அடுத்தது பருவம். இதைத் தாண்டாமல் தன்னொட்டுறவுக்குப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம். பிரிட்டனில் நவம்பரும் டிசம்பரும் இருட்டும் ஈரமும் மிக்கவை. எண்ணிக்கை அப்போது உச்சம் தொடும். பிப்ரவரி தாழ்வான மாதம். நமது பின்பகுதியோ ஒரு பிப்ரவரியில் தொடங்கி ஒரு டிசம்பரில் முடிகிறது. தாழ்வில் தொடங்கி உச்சத்தில் முடியும் தொடருக்கு நேர்கோடு வரைந்தால் அது ஏறத்தான் செய்யும்.

எவ்வளவு ஏறும் என்று கையால் கணக்கிட்டுப் பார்த்தேன். 23 புள்ளிகளுக்கும் மாதத்தைக் கவனிக்காமல் கோடு போட்டால் சாய்வு மாதத்துக்கு 17.6 பேர். இப்போது அதே மாதங்களை ஒப்பிடுவோம். 1983 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை மொத்தம் 13,978. 1984இல் அதே பதினொரு மாதங்களில் 15,064. மாதச் சராசரியில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 99 கூடுதல், அதாவது மாதத்துக்கு 8.2. பருவத்தை மறந்தவருக்குச் சாய்வு இரட்டிப்பாகத் தெரிகிறது. சாய்வு அதிகமானால் கோட்டின் தொடக்கப் புள்ளி கீழே இறங்கும். மட்ட வீழ்ச்சியும் பெரிதாகத் தெரியும். "சட்டம் அபாரமாக வேலை செய்தது, ஆனால் வேகமாகத் தேய்ந்தது" என்ற கதையின் பெரும்பகுதி நாட்காட்டி எழுதியது.

தேய்வு முழுக்கப் பொய்யும் அல்ல. 1982இன் அதே பதினொரு மாதங்களில் 18,004 பேர். அதனோடு ஒப்பிட்டால் 1983இல் 22.4 சதவீதம் குறைவு, 1984இல் 16.3 சதவீதம்தான் குறைவு. 1984இல் ஏப்ரல் தவிர மற்றப் பத்து மாதங்களும் 1983இன் அதே மாதத்தைவிட உயர்ந்திருக்கின்றன. மட்டம் விழுந்தது, சாய்வு மேல்நோக்கித் திரும்பியது: இரண்டும் இருக்கின்றன. கேள்வி அவற்றின் நிச்சயம் எவ்வளவு என்பதே. தன்னொட்டுறவு நுழைவது இங்கேதான்.

## வாய்ப்பு 1: சாதாரண மீச்சிறு வர்க்க முறை

```r
d <- as.data.frame(Seatbelts)
d$t <- 1:192
d$m <- factor(rep(1:12, 16))
d$after <- pmax(0, d$t - 170)
m1 <- lm(log(drivers) ~ t + law + after + m, data = d)
```

ஒவ்வொரு மாதத்துக்கும் தனி மட்டம் தரும் மாதக் குறிகளைச் சேர்த்த பிறகும் எச்சங்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். கெழுக்கள் இதனால் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. திட்டப் பிழைதான் பொய்யாகச் சுருங்குகிறது. எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒரு மாத இடைவெளித் தன்னொட்டுறவு 0.5 என்றால், சராசரியைக் கணிப்பதில் 23 மாதங்கள் கிட்டத்தட்ட 8 தனித்தனி மாதங்களுக்குத்தான் சமம். திட்டப் பிழை ஏறத்தாழ 1.7 மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். மட்ட மாற்றம் இங்கே பெரியது, அது தாங்கிவிடும். சாய்வு மாற்றம் போன்ற நலிந்த முடிவு தாங்காது.

அப்படியானால் இந்த முறை எதற்கு? மொத்தமே பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் உள்ள ஆண்டுத் தொடருக்கு. அவ்வளவு குறைவான தரவில் தன்னொட்டுறவைக் கணிக்கவே முடியாது; கணித்தாலும் அது இருப்பதைவிடக் குறைவாகவே வரும். தவறான திருத்தத்தைச் செய்துவிட்டுத் திருத்தினேன் என்று சொல்வதைவிட, திருத்தாமல் அடக்கமாகப் பேசுவது மேல்.

## வாய்ப்பு 2: நியூவி–வெஸ்ட் திருத்தம்

```r
library(lmtest)
library(sandwich)
coeftest(m1, vcov = NeweyWest(m1, lag = 12, prewhite = FALSE))
```

கெழுக்களைத் தொடாமல் திட்டப் பிழையை மட்டும் மறுபடி கணக்கிடுகிறது. பழைய கோடு அப்படியே இருக்கிறது, நம்பக இடைவெளி மட்டும் விரிகிறது என்று ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம். தன்னொட்டுறவின் வடிவம் இன்னதென்று முன்கூட்டிச் சொல்லவும் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. எத்தனை மாதம் பின்னோக்கிப் பார்ப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். 3 என்று வைப்பதும் 12 என்று வைப்பதும் வெவ்வேறு விடை தரும். வந்த விடையைப் பார்த்துவிட்டு அந்த எண்ணை மாற்ற யாருக்கும் கை துறுதுறுக்கும். இரண்டாவது, இந்தத் திருத்தம் நீண்ட தொடரை நம்பி எழுதப்பட்டது. 23 மாதப் பின்பகுதியில், அதிலும் தன்னொட்டுறவு வலுவாக இருந்தால், திருத்திய திட்டப் பிழையும் குறைவாகவே நிற்கும். திருத்தம் செய்தாயிற்று என்ற நிம்மதி மட்டும் முழுதாகக் கிடைத்துவிடும். முன்னும் பின்னும் நூறு மாதங்கள் வீதம் இருந்தால் தயக்கமின்றிப் பயன்படுத்துவேன்.

## வாய்ப்பு 3: ஜிஎல்எஸ், ஏஆர்(1) பிழையுடன்

```r
library(nlme)
m3 <- gls(log(drivers) ~ t + law + after + m, data = d,
          correlation = corAR1(form = ~ t))
```

இந்த மாதத்தின் எச்சம் சென்ற மாத எச்சத்தின் ஒரு பங்கு, அதோடு புதிய அதிர்ச்சி. இதை மாதிரியின் உள்ளேயே எழுதிவிடுகிறோம். கோடும் தன்னொட்டுறவும் சேர்ந்தே கணிக்கப்படுகின்றன. `gls` கேட்காமலே ஆர்இஎம்எல் என்ற கட்டுப்படுத்திய மீப்பெரு நிகழ்திறன் முறையைப் பயன்படுத்துகிறது. மாதக் குறிகளோடு பதினைந்து கெழுக்களைக் கணித்ததற்கான விலையை அது பரவலில் சேர்த்துக்கொள்கிறது. வெறும் மீப்பெரு நிகழ்திறன் அதை மறந்து பரவலைக் குறைத்துக் காட்டும். (ஆனால் கெழுக்கள் வேறுபடும் இரண்டு மாதிரிகளை நிகழ்திறனால் ஒப்பிடும்போது `method = "ML"` என்று மாற்ற வேண்டும். ஆர்இஎம்எல் எண்களை அப்படி ஒப்பிடக் கூடாது.)

இதன் செலவு வேறு இடத்தில் இருக்கிறது: மாதிரியின் தவறை அது விழுங்கிக்கொள்ளும். 1973 டிசம்பரில் 2150ஆக இருந்த எண்ணிக்கை, அடுத்த மாதம் 1608. எண்ணெய் நெருக்கடி, மணிக்கு 50 மைல் என்ற தற்காலிக வேக வரம்பு எல்லாம் அப்போது வந்தவை. 1969 முதல் 1983 வரை ஒரே நேர்கோடு போட்டால் அந்தப் பள்ளத்தின் இருபுறமும் எச்சங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் நிற்கும். கணினி அதை உயர்ந்த தன்னொட்டுறவு என்று படிக்கும். திட்டப் பிழையைப் பெருக்கிவிட்டு ஓய்ந்துவிடும். உண்மையில் அது வளைந்த போக்கு. ஏஆர்(1) கெழு 0.7ஐத் தாண்டினால் நான் முறையைச் சந்தேகிக்க மாட்டேன்; கோட்டைச் சந்தேகிப்பேன். முன்பகுதியை 1975இலிருந்து தொடங்கியோ, தரவிலேயே இருக்கும் பெட்ரோல் விலையைச் சேர்த்தோ மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். கெழு மளமளவென்று இறங்கினால் காரணம் தெரிந்துவிட்டது.

## வாய்ப்பு 4: அரிமா

பெயரில் சிங்கம் இருப்பதாலோ என்னவோ, இதைப் பயன்படுத்தினால் மதிப்பு கூடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. போக்கு, சட்டம், மாதக் குறிகள் எல்லாவற்றையும் `xreg` வழியே கொடுத்து `order = c(1,0,0)` என்று ஓட்டினால் அது வாய்ப்பு 3இல் பார்த்த அதே மாதிரிதான். மீப்பெரு நிகழ்திறனால் கணிக்கப்படுவது மட்டுமே வேறுபாடு. அரிமாவின் தனித்திறமை பருவத்தை அது கையாளும் விதத்தில் இருக்கிறது:

```r
m4 <- arima(log(d$drivers), order = c(1,0,0),
            seasonal = list(order = c(0,1,1), period = 12),
            xreg = d[, c("t","law","after")])
```

மாதக் குறி வைத்தால் டிசம்பரின் உயரம் பதினாறு ஆண்டும் ஒன்றே என்று பொருள். பருவ வேறுபாடு எடுத்தால் அந்த உயரம் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல நகரலாம். நீண்ட தொடரில் இது நேர்மையான சலுகை.

இதற்கான விலையைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு மாதத்திலிருந்தும் சென்ற ஆண்டின் அதே மாதத்தைக் கழிக்கும்போது `law` என்ற படியும் கழிக்கப்படுகிறது. 1983 பிப்ரவரி முதல் 1984 ஜனவரி வரை அது 1. அதற்குப் பிறகு பூஜ்யம். மட்ட மாற்றத்தின் சாட்சியம் அந்தப் பன்னிரண்டு மாதங்களில் குவிந்துவிடுகிறது. இன்னும் ஒரு முறை சாதாரண வேறுபாடு எடுத்தால் சாட்சியம் மேலும் மெலியும். நம்பக இடைவெளி அகலும். `auto.arima`விடம் முழுத் தொடரையும் கொடுத்து விட்டுவிட்டால், சட்டத்தால் விழுந்த படியையே அது நிலையின்மை என்று எண்ணி வேறுபாடு எடுக்கச் சொல்லும் அபாயம் உண்டு. எதைத் தேடுகிறோமோ அதையே துடைத்தெறிவது போன்றது இது. `order` எண்களை முன்பகுதி 169 மாதங்களை மட்டும் வைத்துத் தேர்ந்து, பிறகு முழுத் தொடருக்கும் பொருத்துவதே முறை.

## ஒரே பார்வையில்

| | மீச்சிறு வர்க்கம் | நியூவி–வெஸ்ட் | ஜிஎல்எஸ் ஏஆர்(1) | பருவ அரிமா |
|---|---|---|---|---|
| எதை மாற்றுகிறது | எதையும் இல்லை | திட்டப் பிழையை | கோட்டையும் பிழையையும் | கோட்டையும் பிழையையும் பருவத்தையும் |
| பின்பகுதி சிறிதானால் | வேறு வழி இல்லை | பிழை குறைந்தே நிற்கும் | சுமார் 20 புள்ளிகளில் பயன்படும் | சாட்சியம் மெலியும் |
| மறைந்த செலவு | பொய் நிச்சயம் | இடைவெளித் தேர்வு | தவறான போக்கை விழுங்கும் | படியைத் துடைக்கக்கூடும் |
| விளக்குவது | மிக எளிது | எளிது | சற்று முயற்சி | கடினம் |

## நான் எதை எடுப்பேன்

இந்தத் தரவுக்கு, இதைப் போன்ற பெரும்பாலான மாதத் தரவுகளுக்கும், மாதக் குறிகளோடு கூடிய ஜிஎல்எஸ். பக்கத்தில் நியூவி–வெஸ்ட் எண்ணையும் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் வெகுவாக முரண்பட்டால் அதை முறைகளின் சண்டையாக எடுத்துக்கொள்ளாமல் கோட்டின் வடிவத்தைத் திரும்பப் பார்ப்பேன். எச்சங்களின் தன்னொட்டுறவு வரைபடத்தில் 12ஆம் இடைவெளியில் குச்சி இன்னும் உயர்ந்து நின்றால்தான் பருவ அரிமாவுக்குப் போவேன். டர்பின்–வாட்சன் சோதனை இங்கே உதவாது. அது முதல் இடைவெளியை மட்டுமே பார்க்கும். 24 இடைவெளி வரை லியுங்–பாக்ஸ் சோதனை ஓட்டலாம்.

எண்ணிக்கை சிறிதானால் நான்குமே பொருந்தாது. அதே தரவில் `VanKilled` என்ற பத்தி மாதத்துக்கு 2 முதல் 17 வரைதான் போகிறது. அதற்குப் பாய்சான் வகை மாதிரி வேண்டும்.

அறிக்கையில் மட்ட மாற்றத்தையும் சாய்வு மாற்றத்தையும் தனித்தனியே நட்சத்திரம் போட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓராண்டு கழித்து, அதாவது 1984 பிப்ரவரியில் விளைவு எவ்வளவு என்பதே படிப்பவருக்கு வேண்டியது: `b2 + 12*b3`. அதன் பரவல் `Var(b2) + 144*Var(b3) + 24*Cov(b2,b3)`. கடைசி உறுப்பை விட்டுவிட்டால் நம்பக இடைவெளி தேவையின்றி அகலும். மட்டம் தாழ்ந்தால் சாய்வு ஏறும் என்று மேலே பார்த்தோமே, அந்தப் பேரம்தான் எதிர்க்குறியோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

நான்கு முறைகளில் எதுவும் தொடாத ஒன்றும் இருக்கிறது. 1983 மே மாதம், குடித்துவிட்டு ஓட்டியவரின் மூச்சைக் கருவியில் அளந்து அதையே நீதிமன்றச் சான்றாகக் கொள்ளும் நடைமுறை பிரிட்டனில் வந்தது. பெல்ட் சட்டத்துக்கு மூன்று மாதம் பின்னால் இன்னொரு குறுக்கீடு! தன்னொட்டுறவை எவ்வளவு நுணுக்கமாகக் கையாண்டாலும் இரண்டையும் அது பிரிக்காது. தரவில் `rear` என்ற பத்தி இதற்காகவே வைத்ததுபோல் இருக்கிறது. பின்னிருக்கைக்காரர்களுக்குச் சட்டம் பொருந்தவில்லை. குடிபோதைக் கட்டுப்பாட்டின் பலன் அவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். அதே சமன்பாட்டை `log(drivers/rear)` மீது ஓட்டுங்கள். இருவருக்கும் பொதுவானது கழிந்துபோகும்; `b2` இன்னும் கீழே நின்றால் அந்த வீழ்ச்சியைப் பெல்ட்டின் கணக்கில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருக்காது.